சுழற்பந்துக்கு ஸ்டம்ப்ஸை ஒட்டி நிற்பது எப்படி: புது விக்கெட் கீப்பருக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் வார இறுதி ஆட்டங்களுக்கு வரும் நம் ஆட்களில் பலர் ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர்கள். அங்கே கீப்பிங் என்பது பெரும்பாலும் பந்துவீசாத ஒருவரிடம் ஒப்படைக்கிற வேலை. இங்கே வந்து தோல் பந்தில் ஆடும்போதும் முதல் சில ஓவர்கள் சமாளித்துவிடுகிறார்கள். வேகப்பந்துக்குத் தள்ளி நிற்பதால் பந்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. சுழற்பந்து வீச்சாளர் வந்ததும்தான் சிக்கல். பந்து மட்டைக்கும் தெரியாமல், கீப்பருக்கும் தெரியாமல் எல்லைக்கோட்டுக்குப் போகிறது.

அதனால் இந்த வழிகாட்டி அந்த ஒரு நிலையைப் பற்றியது: சுழற்பந்துக்கு ஸ்டம்ப்ஸை ஒட்டி நிற்பது, காலை நகர்த்துவது, பந்தை வாங்குவது, ஸ்டம்பிங் செய்வது. வலது கை பேட்ஸ்மேனை வைத்தே எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர் வந்தால் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரு கணக்கு

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வீசப்பட்ட பந்து தரையில் குத்திய பிறகு வேகம் குறைந்து, நொடிக்குச் சுமார் 18 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டைக்கும் உங்கள் கையுறைக்கும் நடுவே ஏறக்குறைய 2 மீட்டர். அதைக் கடக்கப் பந்துக்கு ஆகும் நேரம் நொடியில் ஒன்பதில் ஒரு பங்கு. கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை அசையத் தொடங்க, நன்றாகப் பழகியவருக்கே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும்.

அதாவது, பேட்ஸ்மேன் பந்தைத் தவறவிட்டதைப் பார்த்துவிட்டு அதைப் பிடிக்க யாராலும் முடியாது. மட்டையை மறந்துவிட்டு, எல்லாப் பந்தும் தன்னிடம்தான் வருகிறது என்று கையைக் கொண்டுபோய் வைத்திருப்பவருக்கு மட்டுமே பந்து கையில் விழும். கீப்பருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஸ்லிப்பில் நன்றாகக் கேட்ச் பிடிப்பவர் கண்ணை நம்புகிறார். ஸ்டம்ப்ஸை ஒட்டி நிற்பவர் பழக்கத்தை நம்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கம் ஆட்டத்தில் வராது. ஒரு ஆட்டத்தில் ஸ்டம்பிங் வாய்ப்பு ஒன்றோ இரண்டோ வந்தாலே அதிகம்.

2. கையில் இருக்க வேண்டியவை

கீப்பிங் கையுறை, அதற்குள் போடும் துணியாலான உள் கையுறை, கீப்பிங் பேட், எல் கார்டு, ஹெல்மெட். பேட்டிங் பேடையே கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது முழங்காலுக்கு மேல் உயர்ந்து நிற்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் தொடையில் இடிக்கும், பக்கவாட்டில் நகர்ந்தால் ஒன்றோடொன்று உரசும். கீப்பிங் பேட் குட்டையாக இருப்பது அதற்காகத்தான்.

உள் கையுறை இரண்டு ஜோடியாவது வேண்டும். இங்குள்ள புழுக்கத்தில் பத்து ஓவருக்குள் ஒரு ஜோடி நனைந்துவிடும். நனைந்த துணி உள்ளங்கையில் வழுக்கும். கையுறைக்குள் கை திரும்பும். பந்து சரியாக வந்தாலும் பிடி நழுவும். தண்ணீர் இடைவேளையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் கையுறையைப் பைக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். வீட்டில் மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் பூஞ்சையோடுதான் எடுப்பீர்கள்.

சுழற்பந்துதானே என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டான்டனில் தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் ஹெல்மெட் இல்லாமல் ஸ்டம்ப்ஸை ஒட்டி நின்றிருந்தார். வீசியவர் இம்ரான் தாஹிர், லெக் ஸ்பின்னர். பேட்ஸ்மேன் போல்டு ஆனபோது தெறித்த பெயில்ஸ் கண்ணில் பட்டு, அத்தோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது. கண்ணுக்கு ஆபத்து பந்தால் மட்டும் வருவதில்லை.

3. நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

ஸ்டம்ப்ஸுக்குப் பின்னால் போய் நின்று, காலை நகர்த்தாமல் சற்றுக் குனிந்து கையை நீட்டுங்கள். கையுறை பெயில்ஸைத் தொட வேண்டும். அதுதான் உங்கள் தூரம். பயத்தில் அரை அடி பின்னால் போனால், பந்தை வாங்கிய பிறகு உடம்பு முழுவதும் முன்னால் விழுந்துதான் பெயில்ஸை எட்டும். அதற்குள் பேட்ஸ்மேனின் கால் கிரீஸுக்குள் வந்துவிடும்.

பக்கவாட்டில், உங்கள் இடது கால் நடு ஸ்டம்புக்கும் ஆஃப் ஸ்டம்புக்கும் நேர் பின்னால் இருக்கட்டும். தலை ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே வரும். நேர் பின்னால் உட்கார்ந்தால் பேட்ஸ்மேனின் உடம்பு பந்தை மறைத்துவிடும். வீச்சாளரின் கையிலிருந்து பந்து கிளம்புவது தெரியாத இடத்தில் நிற்பதில் பயனே இல்லை.

குத்துக்காலிட்டு உட்காரும்போது கால்கள் தோளைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், பாரம் பாதத்தின் முன்பகுதியில். குதிகாலில் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும், ஆனால் அங்கிருந்து பக்கவாட்டில் போக முதலில் முன்னால் சாய வேண்டும். அந்தச் சாய்வுக்கு நேரம் இல்லை. கையுறைகள் தரையைத் தொட்டபடி, விரல்கள் கீழ்நோக்கி, உள்ளங்கை பந்து வரும் பக்கம் விரிந்து இருக்க வேண்டும்.

4. பந்தோடு எழுந்திருங்கள்

பந்து தரையில் குத்தும் வரை கீழேயே இருங்கள். குத்தி எழும்போது அதோடு சேர்ந்து எழுங்கள். கீழே இருக்கும் கையை மேலே கொண்டுவருவது எளிது; மேலே போன கையைக் கீழே இறக்குவது கடினம். பை ரன்களில் பெரும்பகுதி சீக்கிரம் எழுந்ததால் காலுக்கு நடுவே போனவைதான்.

இங்கே ஒரு உள்ளூர்ச் சங்கதி. சிங்கப்பூரில் நாம் ஆடும் ஆடுகளங்களில் செயற்கைப் புல் விரிப்பு நிறைய. காய்ந்த விரிப்பில் பந்து நன்றாக எழும்பும், தொடையிலும் இடுப்பிலும் வரும். பிற்பகல் மழை பெய்து நின்று ஆட்டம் தொடர்ந்தால் அதே விரிப்பில் பந்து சறுக்கிக்கொண்டு தாழ வரும். மழைக்கு முன் பழகிய உயரத்தையே நம்பி எழுந்தவர் மழைக்குப் பிறகு முதல் ஓவரிலேயே நான்கு பை கொடுப்பார். மழை நின்றதும் முதல் சில பந்துகளுக்கு இன்னும் தாழ்வாகவே இருந்து, எழும்பும் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் எழுவதற்கு இன்னொரு காரணம் களைப்பு. இருபது ஓவர் என்றால் குறைந்தது 120 முறை உட்கார்ந்து எழுகிறீர்கள், 50 ஓவர் என்றால் 300. தொடை வலிக்கும்போது மனிதன் முழுதாக உட்காருவதில்லை, பாதி உட்கார்ந்து பாதி நிற்பான். பதினைந்தாவது ஓவருக்குப் பிறகு பை ரன் கூடினால் கையைக் குறை சொல்லாதீர்கள், தொடைக்குப் பயிற்சி கொடுங்கள்.

5. பந்தை வாங்கும் கை

இரண்டு சுண்டுவிரல்களும் சேர்ந்திருக்க, விரல்கள் தரையையோ பக்கவாட்டையோ பார்க்க வேண்டும். உயர வரும் பந்துக்கு விரல்கள் மேலே பார்க்கலாம். பந்தை நோக்கி மட்டும் நீட்டக் கூடாது. தோல் பந்து விரல் நுனியில் நேராக வந்து குத்தினால் மூட்டு விலகிவிடும். டென்னிஸ் பந்தில் இந்தத் தவறுக்குத் தண்டனை கிடையாது, அதனால்தான் இத்தனை பேரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பந்து படும் கணத்தில் கை கொஞ்சம் தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். ஆனால் வயிற்றை நோக்கி இழுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டம்ப்ஸை ஒட்டி நிற்கும்போது பந்தை உடம்புக்கு முன்னால் வாங்குவதைவிட, இடுப்புக்குப் பக்கத்தில் வாங்குவது நல்லது. அங்கே கை பின்வாங்க இடம் உண்டு, அங்கிருந்து பெயில்ஸுக்குத் திரும்பும் வழியும் குறுகியது. தோனியின் கை பந்தை வாங்கும்போது பின்னால் போனதாகவே தெரியாது. சர்வதேச ஆட்டங்களில் 195 ஸ்டம்பிங் செய்த கை அது. அவரைப் பார்த்துவிட்டு முதல் வாரமே கையை விறைப்பாக வைத்துக்கொள்கிறார்கள். பந்து தெறித்துக் கீழே விழுகிறது. முதலில் தளர்ந்த கையோடு பழகுங்கள். பின்னிழுக்கும் தூரத்தைக் குறைப்பதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் கை சரியா என்று அறிய வெளியாள் தேவையில்லை. சிவப்புப் பந்தில் பயிற்சி செய்த பிறகு கையுறையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கறை விரல்களின் அடியில், உள்ளங்கை தொடங்கும் இடத்தில் இருந்தால் சரி. விரல் நுனியில் இருந்தால் கையை நீட்டுகிறீர்கள். மணிக்கட்டுப் பக்கம் இருந்தால் கை தாமதமாக எழுகிறது அல்லது விறைப்பாக இருக்கிறது.

6. கால்: ஆஃப் பக்கம், லெக் பக்கம்

ஆஃப் பக்கம் எளிது, பந்து கடைசி வரை தெரியும். வலது காலைப் பக்கவாட்டில் வையுங்கள், இடது கால் ஸ்டம்ப்ஸ் அருகிலேயே இருக்கட்டும். பந்து உயர எழும்பினால் வலது காலைச் சற்றுப் பின்னால் வைத்து இடுப்பைத் திருப்பிக்கொள்ளுங்கள். உடம்பு விலகி, கைக்கு இடம் கிடைக்கும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பந்தின் பின்னால் போய் நிற்பவர் பந்தைப் பிடிப்பார், ஸ்டம்பிங்கைத் தவறவிடுவார்.

லெக் பக்கம்தான் கீப்பரைச் சோதிப்பது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இருக்கும் தலை, பேட்ஸ்மேனின் முதுகுக்குப் பின்னால் கடந்து மறுபக்கம் போக வேண்டும். நடுவில் ஒரு கணம் பந்து கண்ணிலிருந்து மறைந்துவிடும். "அண்ணே, பந்தே தெரியல, எப்படிப் பிடிக்கிறது?" என்று ஒவ்வொரு புதியவரும் கேட்பார். தெரியாதுதான். மறைவதற்கு முன் பார்த்த கோட்டையும் குத்திய இடத்தையும் வைத்து, பந்து வந்து சேரும் இடத்துக்குக் கையைத் தாழ்வாகக் கொண்டுபோக வேண்டும். அங்கே போனதும் பந்து மறுபடி கண்ணில் படும். கை ஏற்கனவே அங்கே இருந்தால் பிடித்துவிடலாம்.

இடது கால் முதலில் பக்கவாட்டில் போகிறது, தலை பந்தின் கோட்டுக்கு மேலே வருகிறது, வலது கால் தொடர்ந்து வந்து லெக் ஸ்டம்ப் அருகே நிற்கிறது. நகர்வது கிரீஸுக்கு இணையாக இருக்க வேண்டும். புதியவர்கள் எல்லாரும் இடது காலைப் பின்னால் வைப்பார்கள். அடிபடும் பயம், இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்ற ஆசை. பந்து கைக்கு வரும்போது ஸ்டம்ப்ஸ் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும். இதற்கு நான் செய்வது ஒன்றுதான்: அவருடைய குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் செருப்புகளை வரிசையாக வைத்துவிடுவேன். மிதித்தால் அவருக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது கிளம்புவது? பந்து லெக் பக்கம் போகிறது என்று உறுதியானதும். வீச்சாளர் பந்தை விடும் முன்பே ஊகித்து ஓடுபவர் ஆஃப் பக்கம் திரும்பும் பந்தில் மாட்டிக்கொள்வார்.

7. ஒரு ஸ்டம்பிங், முழுதாக

ஆஃப் ஸ்பின்னர் வீசுகிறார். முந்தைய மூன்று பந்துகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்கள்: பேட்ஸ்மேன் கால்பக்கம் தட்டப் போகும்போது தலை ஆஃப் பக்கம் விழுகிறது, பின்னங்கால் குதிகால் தூக்கிக்கொள்கிறது. ஓவரின் நடுவே வீச்சாளரிடம் சொல்லுங்கள்: "லெக் ஸ்டம்பிலேயே போடு, கொஞ்சம் மெதுவா."

பந்து லெக் ஸ்டம்ப் கோட்டில் குத்துகிறது. நீங்கள் இன்னும் கீழேதான். பந்து திரும்பி லெக் ஸ்டம்புக்கு வெளியே போகத் தொடங்கும்போது இடது கால் கிளம்புகிறது, கையுறை தரையை ஒட்டித் தாழ்வாகப் போகிறது. பேட்ஸ்மேன் மட்டையை வீசுகிறார். அதைப் பார்க்க வேண்டாம். பந்து அவர் இடுப்பைத் தாண்டி வருகிறது, இடது இடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் வாங்குகிறீர்கள். வாங்கியதும் பாரம் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறுகிறது, கைகள் அதே வீச்சில் வலப்பக்கம் வந்து பெயில்ஸைத் தட்டுகின்றன. ஸ்டம்ப்ஸை அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. ஒரு பெயில்ஸ் முழுதாக ஸ்டம்ப்ஸின் தலையிலிருந்து விலகினால் போதும்.

பேட்ஸ்மேன் தப்ப வேண்டுமென்றால், அந்தக் கணத்தில் அவருடைய உடம்பிலோ மட்டையிலோ ஏதாவது ஒரு பகுதி கிரீஸ் கோட்டுக்குப் பின்னால் தரையில் இருக்க வேண்டும். கோட்டின் மேலேயே கால் நுனி இருந்தால் அவுட். கோட்டுக்குப் பின்னால் இருந்தும் கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தாலும் அவுட். அம்பயர் வைடு கொடுத்திருந்தாலும் ஸ்டம்பிங் செல்லும். நோ பால் என்றால் செல்லாது. முடிவு சொல்பவர் ஸ்கொயர் லெக்கில் நிற்பவர், அதனால் அவரைப் பார்த்துக் கேளுங்கள்.

கால் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டால் உடனே தட்டிவிடாதீர்கள். பந்தோடு கையைப் பெயில்ஸ் அருகில் வைத்து ஒரு கணம் பொறுங்கள். நிலை தடுமாறிய பேட்ஸ்மேன் காலைத் தூக்குவார். ரொம்ப நேரம் காத்திருந்தால் பந்து ஆட்டத்தில் இல்லை என்று அம்பயர் முடிவு செய்துவிடுவார்.

8. கிடைத்த விக்கெட்டை இழக்கும் மூன்று வழிகள்

பந்து இடது கையுறையில், பெயில்ஸைத் தட்டியது வெறும் வலது கை. அவுட் இல்லை. தட்டும் கையில் பந்து இருக்க வேண்டும். அவசரத்தில் பந்தை ஒரு கையில் ஒதுக்கிவிட்டு மறு கையால் தட்டுவது இயல்பாக வரும் பழக்கம். இரண்டு கையையும் சேர்த்தே கொண்டுவரப் பழகினால் இந்தக் கவலை இல்லை.

அடுத்தது, ஸ்டம்ப்ஸுக்கு முன்னால் கையை நீட்டிப் பந்தை வாங்குவது. மட்டையிலோ பேட்ஸ்மேனின் உடம்பிலோ படாமல் வரும் பந்து ஸ்டம்ப்ஸைத் தாண்டும் வரை, அவர் ரன் ஓட முயலாத பட்சத்தில், கீப்பர் முழுதாகப் பின்னால் இருக்க வேண்டும். கையுறையின் ஒரு பகுதி முன்னால் இருந்தாலும் நோ பால். 2019 நவம்பரில் ராஜ்கோட்டில் இந்தியா, பங்களாதேஷ் டி20 ஆட்டத்தில் சஹல் பந்தில் லிட்டன் தாஸை ரிஷப் பந்த் ஸ்டம்பிங் செய்தார். மறு ஒளிபரப்பில் பார்த்தால் கையுறை முன்னால் இருந்தது. கிடைத்த விக்கெட் கைநழுவிப் போனது, நோ பால் வந்தது, ஃப்ரீ ஹிட்டும் கொடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, பந்து வரும் முன்பே உடம்பு உரசி பெயில்ஸ் விழுந்துவிடுவது. ஒன்றாவது மிச்சம் இருந்தால் அதைத் தட்டுங்கள். இரண்டும் விழுந்திருந்தால், பந்து இருக்கும் கையால் ஒரு ஸ்டம்பைத் தரையிலிருந்து பிடுங்க வேண்டும். செயற்கை ஆடுகளத்தில் ஸ்டாண்டில் நிற்கும் ஸ்டம்ப்ஸ் போட்டிருந்தால் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று டாஸுக்கு முன்பே அம்பயரிடம் கேட்டுவிடுங்கள். நடுவில் கேட்டால் சண்டைதான்.

9. பயிற்சியின் வரிசை

வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொன்றும் முந்தையதைத் தாங்கி நிற்கிறது.

முதல் வாரம் பந்தே வேண்டாம். ஸ்டம்ப்ஸ், செருப்பு வரிசை, கால் அசைவு மட்டும். நண்பர் "ஆஃப்", "லெக்" என்று சொல்ல, உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்து கற்பனைப் பந்தை வாங்கிப் பெயில்ஸைத் தட்டுங்கள். பத்து முறை, ஓய்வு, மறுபடி பத்து.

அடுத்து டென்னிஸ் பந்து, வெறும் கை. வெறும் கையில் விறைப்பு உடனே தெரியும், பந்து துள்ளி ஓடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் சுவரில் அடித்துப் பழகலாம் என்று தோன்றும். பந்து விளையாடக் கூடாது என்ற அறிவிப்பு அங்கேயே தொங்கும், அக்கம்பக்கத்தாரும் சும்மா இருக்க மாட்டார்கள். திடலுக்கோ வலைப்பயிற்சி இடத்துக்கோ போய்விடுங்கள்.

மூன்றாவது, கையுறையோடு தோல் பந்து, பேட்ஸ்மேன் இல்லாமல். நண்பர் எட்டு மீட்டரிலிருந்து கைதாழ்த்தி எறிந்து, உங்களுக்கு முன்னால் மூன்று மீட்டரில் குத்த வைக்கட்டும்.

நான்காவதுதான் முக்கியமானது, எல்லாரும் தவிர்ப்பதும் இதையே. ஒருவர் மட்டையோடு நின்று, எல்லாப் பந்தையும் வேண்டுமென்றே தவறவிட வேண்டும். மட்டை கண்ணுக்கு முன்னால் வீசப்படும்போது புதியவரின் கண் தானாகச் சிமிட்டும், தலை விலகும். அந்தச் சிமிட்டல் போகும் வரை இதைவிட்டு நகராதீர்கள். சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு இரண்டு மாதம். தவறவிடுவதும் ஒரு திறமைதான். வேகமாக மட்டையை வீசி, ஆனால் பந்தைத் தொடாமல் விடத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஒரு சுற்றுக்கு இருபது பந்து போதும். அதற்கு மேல் தொடை தளர்ந்து, தவறான பழக்கம் ஏறும்.

இந்தச் சுற்றில் லெக் பக்கம் இருபதில் பதினைந்தைச் சுத்தமாக வாங்கி, செருப்பை மிதிக்காமல் பெயில்ஸைத் தட்ட வந்துவிட்டால், உண்மையான சுழற்பந்து வீச்சாளரைக் கூப்பிடலாம். அதுவும் உங்கள் அணியின் வீச்சாளராகவே இருக்கட்டும். அவருடைய வேகமான பந்து எது, நேராகப் போவது எது என்பதைக் கையிலிருந்தே படிக்க வேண்டியவர், பேட்ஸ்மேனுக்கு முன்னால் நீங்கள்தான்.